30 பெட்டி சரி, 720 போத்தல் பிழை: கொழும்புக்கு எப்படி எழுதுவது?

ஆரையம்பதி | மார்ச் 4, இரவு 9.10

மட்டக்களப்பு டவுனில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நேற்று கொழும்பிலிருந்து பாத்திரம் கழுவும் திரவம் வந்தது. 500 மில்லி போத்தல், 30 பெட்டி. டெலிவரி நோட்டிலும் 30 பெட்டி. இறக்கி எண்ணியபோதும் 30 பெட்டி. இன்வொய்ஸில் மட்டும் 720 போத்தல் என்று இருக்கிறது. போத்தல் 250 ரூபாய்ப்படி 180,000, அதற்கு 18 வீத வற் 32,400, எல்லாமாக 212,400 ரூபாய்.

இன்று பின்னேரம் தட்டில் அடுக்குவதற்காக ஒரு பெட்டியை உடைத்தால் உள்ளே 20 போத்தல்தான். இன்னும் சில பெட்டிகளை உடைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் 20. அப்படியென்றால் எங்களிடம் வந்தது 600. 120 போத்தலுக்குக் காசு கூடப் போட்டிருக்கிறார்கள்.

முதலாளி, "120 போத்தல் குறைவாக வந்தது, உடனே அனுப்பச் சொல்லி மெயில் போடு" என்கிறார். நான் அப்படி எழுதக்கூடாது என்கிறேன். சாமான் குறையவில்லை, பில்தான் கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று அவர் கேட்கிறார். இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு மெயில் எழுதிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏறாவூர் | மார்ச் 4, இரவு 9.32

டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டாச்சா? போட்டிருந்தால் கதை முடிந்தது. இறக்கும்போதே எண்ணியிருக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கொழும்புக்காரன் ஒரு சதமும் தரமாட்டான். நான் பட்டிருக்கிறேன்.

சம்மாந்துறை ஹார்ட்வெயார் | மார்ச் 4, இரவு 10.05

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். பெயின்ட் 10 வாளி எடுத்தால் ஒன்று சும்மா என்று ரெப் சொன்னார். 11 வாளி வந்தது, 11க்கும் பில் போட்டிருந்தார்கள். ரெப்பைப் பிடித்தேன், அவர் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். வட்ஸ்அப்பில் இருந்த அவருடைய வொய்ஸ் மெசேஜைத்தான் கடைசியில் கம்பனிக்குப் போட்டுக் காட்டினேன். ஆகவே தங்கச்சி, சும்மா தருவதாகச் சொன்னதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

ஆரையம்பதி | மார்ச் 4, இரவு 10.20

அண்ணன், இதில் இலவசம் எதுவும் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் பிரச்சினை.

ஏறாவூர் அண்ணனுக்கு: கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் எதற்குக் கையெழுத்து? டெலிவரி நோட்டில் போத்தல் கணக்கே இல்லை. "30 பெட்டி" என்று மட்டும்தான் இருக்கிறது. 30 பெட்டி வந்தது என்று இன்று கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வோம்.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 5, காலை 6.15

இந்த வேலையில் நான் அந்தப் பக்கம் இருந்தவன். விநியோகக் கம்பனி ஒன்றின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தேன், இப்படியான முறைப்பாடுகள் என் மேசைக்குத்தான் வரும். தங்கச்சி சொல்வது சரி. முதலாளி சொல்கிறபடி எழுதினால் மெயில் பிழையான மேசைக்குப் போகும்.

"குறைவாக வந்தது" என்று வாசித்த உடனே கணக்குப் பிரிவு அதை ஸ்டோருக்கு அனுப்பிவிடும். ஸ்டோர்காரர் டெலிவரி நோட்டை எடுப்பார். 30 ஏற்றினோம், 30 இறக்கினோம், கையெழுத்து இருக்கிறது என்று பதில் எழுதுவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அத்தோடு உங்கள் முறைப்பாடு மூடப்படும். நடந்த பிழை ஸ்டோரில் இல்லை, பில் அடிக்கும் கணினியில் இருக்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்டால், வித்தியாசத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 120ஐ 30ஆல் பிரித்தால் 4, மீதி இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சரியாக 4 போத்தல் கூடியிருக்கிறது. முன்பு பெட்டிக்கு 24 வந்திருக்கும், இப்போது கம்பனி 20 ஆக்கியிருக்கும். பில் அடிப்பவர் 30 பெட்டி என்றுதான் அடித்திருப்பார். கணினி பழைய கணக்கில் 24ஆல் பெருக்கிவிட்டது.

ஏற்றும்போது பெட்டி விடுபட்டிருந்தால் பெட்டி எண்ணிக்கையே குறைந்திருக்கும். கைத்தவறாக இலக்கம் இடம் மாறி அடிபட்டிருந்தால், 720க்குப் பதில் 270 என்பது போல, வித்தியாசம் எப்போதும் 9ஆல் பிரிபடும். 120 பிரிபடாது. ஆகவே உங்களுடையது பெட்டிக் கணக்கு மாறிய பிழைதான். மெயிலில் இதை நீங்களே சொல்லிக் கொடுத்தால் அவர்கள் தேட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓடர் கொடுத்தது பெட்டியிலா, போத்தலிலா?

ஆரையம்பதி | மார்ச் 5, காலை 8.40

பெட்டியில்தான் காக்கா. ரெப்புக்கு வட்ஸ்அப்பில் "30 பெட்டி" என்று முதலாளியே போட்டிருக்கிறார். பார்த்துவிட்டேன்.

பழைய பெட்டி 24 என்பதும் சரி. கடைக்குப் பின்னால் பழைய மட்டைகள் கிடக்கின்றன. பக்கவாட்டில் 24 x 500ml என்று அடித்திருக்கிறது. புதியதில் அதே இடத்தில், அதே எழுத்தில் 20 x 500ml. நிறமும் படமும் அப்படியே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதியது ஒரு போத்தல் அகலம் குறைவு என்று தெரிகிறது. பழையது ஆறு நாலாக அடுக்கியது, இது ஐந்து நாலு.

திருக்கோவில் | மார்ச் 5, காலை 11.25

ஏன் இப்படிப் பயந்து எழுத வேண்டும்? நம் நாட்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பேசிய அளவை விடக் குறைவாகக் கொடுத்தால் வாங்குபவர் முழுவதையும் வேண்டாம் என்று திருப்பலாம். லொறியைக் கூப்பிட்டு 30 பெட்டியையும் ஏற்றி விடுங்கள், அடுத்த நாளே போன் வரும். நுகர்வோர் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 5, மதியம் 1.10

தம்பி சொல்கிற சட்டம் இருக்கிறது, அந்த விதியும் இருக்கிறது. ஆனால் பேசிய அளவு என்ன? 30 பெட்டி. வந்தது 30 பெட்டி. குறைவாகக் கொடுத்ததாக எதை வைத்துச் சொல்வீர்கள்? ஓடரில் 720 போத்தல் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது முதலாளி கேட்பது போல 120 போத்தலை அனுப்பச் சொல்லலாம், எடுத்த 600க்கு மட்டும் பேசிய விலையைக் கொடுக்கலாம். அதனால்தான் ஓடர் எந்த அலகில் என்று முதலில் கேட்டேன்.

அதோடு பெட்டியை உடைத்து விற்கத் தொடங்கினால் திருப்புவது பற்றிப் பேச முடியாது. அதிகாரசபை எல்லாம் இந்தக் கட்டத்துக்கு வேண்டாம். இன்னும் ஒரு மெயில்கூடப் போகவில்லை.

திருக்கோவில் | மார்ச் 5, மதியம் 1.40

24 இருக்கும் என்று நம்பித்தானே 30 பெட்டி கேட்டார்கள்? பெட்டியைச் சின்னதாக்கிவிட்டுச் சொல்லாமல் அனுப்பியது மட்டும் நியாயமா? இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆரையம்பதி | மார்ச் 5, இரவு 9.50

திருக்கோவில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு சண்டையை ஒரு மெயிலில் பிடித்தால் காசு வராது. பெட்டி மாறினால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பதை வேறாக எழுதலாம்.

இன்வொய்ஸின் அடியில் சின்ன எழுத்தில், குறைகள் இருந்தால் 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நாளைக்கே அனுப்ப வேண்டும். அங்கே கணக்குப் பிரிவில் தமிழ் ஆள் ஒருவர் இருக்கிறார், எப்போதும் தமிழில்தான் எழுதுவேன். எழுதியது இது. இலக்கங்களை எடுத்துவிட்டேன்.

> பொருள்: மார்ச் 3 இன்வொய்ஸ் இல. …: அளவு 720 அல்ல, 600
>
> வணக்கம்.
>
> மேற்படி இன்வொய்ஸுக்குரிய 30 பெட்டிகளும் எங்களுக்குக் கிடைத்தன. டெலிவரி நோட்டிலும் அப்படியே உள்ளது. அதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. விலையிலும் மறுப்பு இல்லை.
>
> மறுப்பு அளவில் மட்டும். இப்போது வந்துள்ள பெட்டியில் 20 போத்தல்கள் உள்ளன. பெட்டியின் பக்கத்திலும் 20 x 500ml என்றே அச்சிடப்பட்டுள்ளது. இன்வொய்ஸில் பெட்டிக்கு 24 வீதம் 720 போத்தல்கள் கணக்கிடப்பட்டுள்ளன. 30 பெட்டிக்கு 600 என்பதே சரி.
>
> கூடுதலாக இடப்பட்டது 120 போத்தல், 30,000 ரூபாய். அதற்குரிய வற் 5,400 ரூபாய். மொத்தம் 35,400 ரூபாய். இந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் ஒன்றை மார்ச் 14க்கு முன் அனுப்பவும். எஞ்சிய 177,000 ரூபாயை உரிய திகதியில் செலுத்துவோம்.
>
> இன்வொய்ஸ், டெலிவரி நோட், பழைய பெட்டி, புதிய பெட்டி ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

முதலாளி இதை வாசித்துவிட்டு, "நாங்கள் ஏமாந்தது எங்கே இருக்கிறது? கோபமே இல்லையே" என்றார். கோபம் இருக்கிறது. அதை இதில் போட்டால் அங்கே இருப்பவர் கோபத்துக்குத்தான் பதில் எழுதுவார், 35,400க்கு எழுதமாட்டார்.

அக்கரைப்பற்று ஸ்டோர் | மார்ச் 5, இரவு 10.30

நான் ஸ்டோர் கீப்பர். மெயில் பற்றித் தெரியாது, படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து போத்தலை எண்ணுகிற படம் எடுத்து அனுப்பாதீர்கள். நாலு போத்தலை நீங்களே எடுத்துவிட்டுப் படம் பிடித்தீர்கள் என்று சொல்வார்கள். மூடின பெட்டி, டேப் ஒட்டினபடி, பக்கத்தில் உள்ள 20 என்ற எழுத்தும் பெச் இலக்கமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அந்தப் பெட்டிமேல் இன்வொய்ஸை வைத்து எடுங்கள். இன்னும் மூடின பெட்டி இருக்குத்தானே? காசு வரும்வரை இரண்டை உடைக்காமல் வையுங்கள்.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 6, காலை 6.05

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்னது பெறுமதியான விஷயம்.

மெயில் நல்லது. கிடைத்ததை முதலில் ஒத்துக்கொண்டதுதான் இதில் பெரிய காரியம். இனி அந்தக் கையெழுத்தை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது, நீங்களே காட்டிவிட்டீர்கள்.

ரெப்புக்கும் பிரதி போடுங்கள், ஆனால் அனுப்புவது கணக்குப் பிரிவுக்கு. ரெப்புக்கு மட்டும் அனுப்பினால் அது அவருடைய போனுக்குள்ளேயே இருந்துவிடும்.

செக் கொடுத்தாயிற்றா?

ஆரையம்பதி | மார்ச் 6, காலை 8.20

கொடுத்தாயிற்று காக்கா. சாமான் இறக்கிய அன்றே ஏப்ரல் 2 திகதி போட்டு, முழுத் தொகை 212,400க்கும். எங்கள் பக்கத்தில் அதுதானே வழக்கம், செக் இல்லாமல் லொறிக்காரர் பெட்டியை இறக்க மாட்டார். 177,000 செலுத்துவோம் என்ற வரியை மாற்றுகிறேன்: "கையளித்த செக்கை வங்கியில் இடாமல் வைத்திருக்கவும். 177,000 ரூபாய்க்கான புதிய செக்கை அதே திகதியிட்டுத் தந்து மாற்றிக்கொள்வோம்."

ஏறாவூர் | மார்ச் 6, காலை 8.45

ஸ்டொப் பண்ணுங்கள். பேங்குக்கு ஒரு கடிதம் போதும். அப்போதான் ஓடி வருவார்கள்.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 6, காலை 9.30

வேண்டாம். 35,400க்காக 212,400 ரூபாய்ச் செக்கை நிறுத்தினால், நீங்கள் ஒத்துக்கொண்ட 177,000ஐயும் நிறுத்தியதாகிவிடும். கணக்குப் பிரிவில் திரும்பின செக் என்று ஒரு கோடு விழுந்தால் அடுத்த லொறி கைக்காசுக்குத்தான் வரும். பில் யாருடைய பிழை என்பது அந்தக் கோட்டில் எழுதியிருக்காது. இன்னும் நாள் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றாமல் இழுத்தடித்தால் கடைசி வாரத்தில் யோசிப்போம்.

ஆரையம்பதி | மார்ச் 6, பகல் 11.50

அனுப்பிவிட்டேன். படங்கள் அக்கரைப்பற்று அண்ணன் சொன்னபடி.

ஆரையம்பதி | மார்ச் 8, மாலை 5.15

பதில் வந்தது. இரண்டே வரி. "30 பெட்டிகளும் உங்களால் பெற்றுக்கொள்ளப்பட்டதாக டெலிவரி நோட்டில் கையொப்பம் உள்ளது. ஆகவே குறைபாட்டை ஏற்க இயலாது."

30 பெட்டியும் கிடைத்தது என்று எங்கள் மெயிலின் முதல் வரியிலேயே இருக்கிறது. பொருள் வரியைக்கூட வாசிக்கவில்லை.

ஏறாவூர் | மார்ச் 8, மாலை 5.40

சொன்னேனா இல்லையா?

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 8, இரவு 8.00

சோர வேண்டாம். அந்த மேசையில் இருந்து நானும் இப்படிப் பதில் எழுதியவன்தான். ஒரு நாளைக்கு வருகிற முறைப்பாட்டில் முக்கால்வாசி "பெட்டி குறைவு" என்றுதான் இருக்கும். படத்தையும் டெலிவரி நோட்டையும் கண்டதும் கை தானாக அந்தப் பதிலை அடித்துவிடும். புதிய மெயில் தொடங்காதீர்கள். அதே மெயிலுக்குப் பதிலாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இல்லை என்று சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆரையம்பதி | மார்ச் 8, இரவு 9.20

இப்படி எழுதினேன்: "30 பெட்டிகள் கிடைத்ததை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் கேள்வி ஒன்றே. இந்த பெச்சில் ஒரு பெட்டிக்கு எத்தனை போத்தல்கள்? 20 எனில் 30 பெட்டிக்கு 600. உங்கள் கணினியில் இந்தப் பொருளுக்குப் பெட்டிக்கு 24 என்று பதிவாகியுள்ளதா என்பதைப் பார்த்துச் சொல்லவும்." பெட்டியின் படம் ஒன்றை மட்டும் திரும்ப இணைத்தேன். வேறு எதையும் வைக்கவில்லை.

அக்கரைப்பற்று ஸ்டோர் | மார்ச் 9, காலை 7.10

தங்கச்சி, நேற்று இரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன். இந்தப் பெட்டி முதல்முறை இப்போதுதானா வந்தது? அதற்கு முந்திய லோட்டிலும் 20 வந்திருந்தால்?

ஆரையம்பதி | மார்ச் 9, பகல் 12.35

அண்ணன், நீங்கள் கேட்டபிறகு பழைய ஃபைலை எடுத்தேன். எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

ஜனவரி கடைசியில் 15 பெட்டி வந்திருக்கிறது. பில் 360 போத்தலுக்கு. பெப்ரவரி முடிவில் இருப்பு எண்ணியபோது இந்தப் பொருளில் 62 போத்தல் குறைந்தது. 15 பெட்டிக்கு நாலு வீதம் 60. இரண்டு போத்தல் உடைந்ததாக ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த 62 போத்தலையும் ஸ்டோரில் நிற்கும் பையனின் தலையில்தான் போட்டார்கள். களவு என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதச் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். பையன் வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன், வீட்டில் இவன் ஒருவன்தான் உழைப்பு. "நான் எடுக்கவில்லை அக்கா, பெட்டி பாரம் குறைவாக இருந்தது" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னான். நாலு போத்தல் குறைந்தால் பெட்டிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறையும். தூக்குகிறவனுக்குத் தெரியாதா?

முதலாளியிடம் இப்போதே போய்ச் சொன்னேன். சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, நிற்பாட்டு" என்றார்.

சம்மாந்துறை ஹார்ட்வெயார் | மார்ச் 9, மதியம் 1.15

இதைக் கேட்டதும் நம்ம கடையில் ஆணிப் பெட்டி குறைந்ததுக்கு யாரை ஏசினோம் என்று யோசிக்கிறேன். திங்கட்கிழமை எல்லாப் பில்லையும் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 9, பின்னேரம் 4.00

பையனுக்கு நியாயம் கிடைத்தது பெரிய விஷயம், தங்கச்சி. ஆனால் ஜனவரிப் பில்லை இந்த மெயிலில் சேர்க்காதீர்கள். மார்ச் பில்லுக்கு மூடின பெட்டி கையில் இருக்கிறது, ஜனவரிக்கு என்ன இருக்கிறது? முதலில் இதை முடியுங்கள். கணினியில் 24 என்று இருந்தது பிழை என்று அவர்களே எழுதிவிட்டால், அந்த எழுத்தே ஜனவரிக்குச் சாட்சி.

ஆரையம்பதி | மார்ச் 10, இரவு 8.45

இன்று காலை ரெப் போன் எடுத்தார், நல்ல மனிதர். "அக்கா, எங்கட பக்கப் பிழைதான். கணினியில 24 என்று கிடந்திருக்கு. மெயில், கிரெடிட் நோட் எல்லாம் எதுக்கு? அடுத்த லோட்டில 6 பெட்டி சும்மா போட்டுவிடுறேன்" என்றார். 6 பெட்டி என்றால் 120 போத்தல், கணக்கு சரி. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

ஏறாவூர் | மார்ச் 10, இரவு 9.00

எடுங்கள்! சாமான் கைக்கு வந்தால் காசு வந்த மாதிரித்தான். கொழும்பு கிரெடிட் நோட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 10, இரவு 9.45

எடுக்க வேண்டாம். ஏறாவூர்த் தம்பி சொல்வது வற் பதிவில்லாத சின்னக் கடைக்குச் சில வேளை பரவாயில்லை. இவர்கள் வற் பதிவுள்ள கடை போலத் தெரிகிறது.

இன்வொய்ஸ் 720 என்றே நின்றால், வாங்கியதற்குக் கொடுத்த வரியாக 32,400ஐ நீங்கள் கணக்கில் காட்டுவீர்கள். உண்மையில் எடுத்த சாமானுக்கு 27,000தான். அந்த 5,400ஐக் குறைக்க உங்களிடம் ஒரு தாள் வேண்டும், அதுதான் கிரெடிட் நோட். சும்மா வந்த 6 பெட்டிக்கு எந்தத் தாளும் இருக்காது. கணக்காய்வாளர் வந்து இந்த 120 போத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரெப்பின் பெயரைத்தான் சொல்ல வேண்டிவரும். சம்மாந்துறைத் தம்பியின் ரெப் எங்கே போனார் என்று மேலே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. அவர் போனில் ஒத்துக்கொண்டதை இன்றிரவே மெயிலில் போட்டுவிடுங்கள். மெயிலைச் சாட்சியாக எடுப்பதற்கு 2006ஆம் ஆண்டின் மின்னணுப் பரிமாற்றச் சட்டம் இருக்கிறது. போனில் பேசியதற்கு நீங்கள் இருவரும்தான் சாட்சி.

ஆரையம்பதி | மார்ச் 10, இரவு 10.30

ஓம், பதிவுள்ள கடைதான். அதே இழையில் அனுப்பினேன்: "இன்று காலை தொலைபேசியில் உங்கள் விற்பனைப் பிரதிநிதி, கணினியில் பெட்டிக்கு 24 எனப் பதிவாகியிருந்ததாலேயே இப்பிழை நேர்ந்தது என்று தெரிவித்தார். அதற்கு நன்றி. இலவசப் பெட்டிகளாக அல்லாமல், 35,400 ரூபாய்க்கான கிரெடிட் நோட்டாகவே எங்களுக்கு வேண்டும். அல்லது இந்த இன்வொய்ஸை ரத்துச் செய்து 600க்குப் புதிய இன்வொய்ஸ் தந்தாலும் ஏற்போம்."

ரெப்பை மாட்டிவிடுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று "நன்றி" என்ற வரியைச் சேர்த்தேன். அவர் மறைக்காமல் சொன்ன மனிதர். முதலாளிக்கு இன்னும் 6 பெட்டிமேல்தான் ஆசை.

திருக்கோவில் | மார்ச் 11, காலை 10.00

அந்த 7 நாள் வரி பற்றி யாரும் பேசவில்லையே. ஜனவரிப் பில்லுக்கு அதைத்தான் தூக்கிக் காட்டப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அது சாமானின் குறைக்குத்தான் பொருந்தும், பில்லில் கூட்டிப்போட்ட பிழைக்குப் பொருந்தாது. எடுக்காத சாமானுக்கு 7 நாள் பேசாமல் இருந்தால் காசு கொடுக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 11, மதியம் 12.20

நியாயப்படி தம்பி சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நான் இருந்த கம்பனியில் அந்த வரியைக் காட்டித்தான் பாதியைத் திருப்பி அனுப்புவோம், கேட்டவர்களில் பலர் பேசாமல் போய்விடுவார்கள். விடாமல் திரும்பக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். எது சட்டம், எது பழக்கம் என்று அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை.

ஆரையம்பதி | மார்ச் 14, பின்னேரம் 3.30

கிரெடிட் நோட் வந்தது. 30,000 ரூபாய்க்கு மட்டும். வற் வரி இல்லை! அளவு 120, விலை 250, மொத்தம் 30,000, அத்தோடு நிற்கிறது. இன்வொய்ஸ் இலக்கமும் அதில் போடவில்லை. எந்தப் பில்லுக்கு இந்தக் குறைப்பு என்று நாளைக்கு யார் சொல்வது?

உடனே பதில் போட்டேன். கூட்டி எடுத்தபோது வற்றோடு எடுத்தீர்கள், குறைக்கும்போதும் வற்றோடு குறைக்க வேண்டும், 5,400ஐயும் மூல இன்வொய்ஸின் இலக்கத்தையும் திகதியையும் சேர்த்துத் திருத்தித் தரவும் என்று எழுதினேன்.

அக்கரைப்பற்று ஸ்டோர் | மார்ச் 14, மாலை 6.10

மூடின இரண்டு பெட்டியும் இருக்குத்தானே?

ஆரையம்பதி | மார்ச் 14, மாலை 6.25

இருக்கிறது அண்ணன். "விற்க வேண்டாம்" என்று மார்க்கரால் எழுதி மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஆரையம்பதி | மார்ச் 19, இரவு 7.50

திருத்திய கிரெடிட் நோட் வந்துவிட்டது. 30,000, வற் 5,400, மொத்தம் 35,400, இன்வொய்ஸ் இலக்கம், திகதி எல்லாம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "பெட்டி அளவு மாற்றம்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்று ரெப் வந்து பழைய செக்கைக் கொடுத்துவிட்டு 177,000க்கான செக்கை வாங்கிக்கொண்டு போனார்.

ஜனவரிக்கு வேறு மெயில் போட்டிருக்கிறேன். 15 பெட்டி, 60 போத்தல். அந்த மாதம் விலையும் 250தான், ஆகவே 15,000, வற்றோடு 17,700. இணைத்தது மூன்று: அந்தப் பில், பெப்ரவரி இருப்புக் கணக்கு, இந்தக் கிரெடிட் நோட். பையன் உப்பு மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரித்திருந்த மட்டை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். அதில் 20 x 500ml என்று இருக்கிறது, பெச் இலக்கமும் அழியவில்லை. மார்ச் பெட்டிகளின் பெச் அல்ல அது. வேறு பொருளோடு வேறு வழியில் வந்த மட்டை என்று அவர்கள் சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கல்முனை, பழைய கணக்கர் | மார்ச் 19, இரவு 9.15

ஒரு மட்டை 15 பெட்டிக்குச் சாட்சியாகாது. ஆனால் அந்த பெச் எந்தத் திகதியில் உங்கள் பக்கம் ஏற்றப்பட்டது என்று அவர்களுடைய ஸ்டோர் பதிவில் இருக்கும். காசைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள். பெச் இலக்கத்தைப் பொருள் வரியிலேயே போடுங்கள்.

ஆரையம்பதி | மார்ச் 20, காலை 8.05

போட்டுவிட்டேன் காக்கா. ஸ்டோரிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இனிப் பெட்டி இறக்கும்போது பெட்டி எண்ணிக்கையோடு, பக்கத்தில் அடித்திருக்கும் போத்தல் எண்ணிக்கையையும் டெலிவரி நோட்டில் பையன் தன் கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து வைப்பான். லொறிக்காரர் முதல் நாள் முணுமுணுத்தார். இன்று பேசாமல் நின்றார்.

ஏறாவூர் | மார்ச் 20, காலை 8.30

17,700 வந்தால் இங்கே எழுதுங்கள். நானும் போன வருடத்துப் பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.